அறக்கூற்றுகள் அத்தனையும் பொய் என்பவர்கள்

ஜே. எல். மேக்கி 1977இல் வெளியிட்ட அறவியல் நூலை, வாசகர் வாசலில் நுழைந்ததுமே ஒரு வாக்கியத்தை முகத்தில் வீசித் தொடங்குகிறார்: புறவயமான விழுமியங்கள் என்று எதுவும் இல்லை. பீடிகை, தயக்கம், "ஒரு வகையில் பார்த்தால்" எல்லாம் கிடையாது. சிட்னியில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம் கற்பித்தவர். இதே கருத்தை 1946லேயே ஒரு கட்டுரையாக எழுதியிருந்தார். முப்பது ஆண்டுகள் கழித்தும் அவர் அதை மென்மையாக்கவில்லை.

"கொலை செய்வது தப்பு", "வாக்கு கொடுத்தால் காப்பாற்ற வேண்டும்", "அவன் செய்தது அநியாயம்" என்றெல்லாம் நாம் சொல்கிறோமே, இவை எல்லாமே உலகத்தைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்ல வருகின்றன. சொல்ல வரும் அந்த ஒன்று உலகத்தில் இல்லை. ஆகையால் இவை எல்லாமே பொய். இதற்குப் பிழைக் கோட்பாடு என்று பெயர்.

இதைக் கேட்டதும் முதலில் வரும் எண்ணம், மேக்கி ஒரு போக்கிரியாக இருந்திருக்க வேண்டும் என்பது. அப்படியெல்லாம் இல்லை. அவரே இரண்டு தளங்களைப் பிரித்துக் காட்டுகிறார். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது ஒரு கேள்வி. அப்படிப்பட்ட தீர்ப்புகளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது வேறு கேள்வி. அவர் பேசுவது இரண்டாவதைப் பற்றி. கொடுமையைக் கண்டால் கொதிப்பவரும் இந்தக் கோட்பாட்டை ஏற்கலாம். கொதிப்பு உண்மை, ஆனால் அந்தக் கொடுமைமேல் 'தப்பு' என்ற முத்திரையை உலகம் குத்தி வைக்கவில்லை என்பார், அவ்வளவுதான்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். ஏ. ஜே. அயர் 1936இல் வேறொன்று சொன்னார்: அறவாக்கியங்கள் கூற்றுகளே அல்ல, வெறும் உணர்ச்சி வெளிப்பாடுகள். "திருட்டு தப்பு" என்பது "திருட்டா, சீ!" என்பதற்குச் சமம். அப்படியானால் அதை மெய் என்றும் சொல்ல முடியாது, பொய் என்றும் சொல்ல முடியாது. பிழைக் கோட்பாட்டினர் இதை ஏற்பதில்லை. அநியாயமாகப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் "இது அநியாயம்" என்று சொல்லும்போது வெறுமனே அழுகையைச் சொல்லாக்கவில்லை. யார் ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அது அநியாயம்தான் என்று அடித்துச் சொல்கிறாள். அவள் சொல்வது முழுமையான கூற்று. கூற்றாக இருப்பதால்தான் அது பொய்யாகவும் இருக்க முடியும்.

பதினெட்டாம் நூற்றாண்டு வேதியியலாளர்கள் ஃபுளோஜிஸ்டன் பற்றிப் பேசியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். விறகு எரியும்போது ஃபுளோஜிஸ்டன் வெளியேறுகிறது, கரியில் அது நிறைய இருக்கிறது என்று அவர்கள் எழுதினார்கள். அவை பொருளுள்ள வாக்கியங்கள். எழுதியவர்கள் முட்டாள்களும் அல்லர். லவாய்சியே எரிதலை ஆக்சிஜனைக் கொண்டு விளக்கிய பிறகு அந்த வாக்கியங்கள் ஒவ்வொன்றாக விழவில்லை. ஃபுளோஜிஸ்டன் என்று ஒன்றே இல்லை என்று ஆனதால் ஒரே நேரத்தில் விழுந்தன. விறகைத் தனியாக, கரியைத் தனியாகச் சோதிக்க வேண்டிய தேவை இல்லை. அறக்கூற்றுகள் அத்தனையும் பொய் என்னும்போது பிழைக் கோட்பாட்டினர் சொல்வதும் இந்த மாதிரியான ஒட்டுமொத்த வீழ்ச்சியைத்தான். ஆக அவர்கள் இரண்டு விஷயங்களை நிறுவ வேண்டும். அறப்பேச்சு எல்லாமே ஏதோ ஒன்றை நம்பியிருக்கிறது என்பது முதலாவது. அந்த ஒன்று இல்லை என்பது இரண்டாவது.

எதை நம்பியிருக்கிறது? ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். ராத்திரி பதினொன்றரை மணி. ஆட்டோவின் பின்சீட்டில் யாரோ ஒரு பையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். திறந்து பார்த்தால் பத்து பவுன் நகை. இறங்கியவருக்கு வண்டி எண் தெரியாது. கேமரா இல்லை. ஓட்டுநருக்குக் கடன் இருக்கிறது. நாம் எல்லோரும் சொல்கிறோம்: அவர் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இந்த 'வேண்டும்' எப்படிப்பட்டது? "விடியறதுக்குள்ள மதுரை போகணும்னா பாண்டியன் எக்ஸ்பிரஸைப் பிடிக்கணும்" என்பதில் வரும் 'பிடிக்கணும்' ஆசையில் தொங்கிக்கொண்டிருப்பது. மதுரைக்குப் போகும் எண்ணத்தை விட்டுவிட்டேன் என்றால், அந்தக் கட்டாயமும் அங்கேயே தீர்ந்தது. ஆனால் அந்த ஓட்டுநர் "எனக்குத் திருப்பிக் கொடுக்க ஆசையில்லை, மனசாட்சியும் உறுத்தவில்லை, மாட்டிக்கொள்ளவும் போவதில்லை" என்று சொன்னால், "ஓ, அப்படியா, அப்படியென்றால் நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை" என்று நாம் பின்வாங்குவதில்லை. ஆசை போனாலும் கட்டாயம் நிற்கிறது.

ஆசை போனாலும் நிற்கும் கட்டாயங்கள் வேறும் உண்டு என்று ஃபிலிப்பா ஃபூட் 1972இல் சுட்டிக்காட்டினார். நாகரிக விதிகள் அப்படித்தான். வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்ற விதி, எனக்கு விருப்பமில்லை என்பதால் மறைந்துவிடாது. ஆனால் "இந்த மரியாதையெல்லாம் எனக்கெதுக்கு?" என்று ஒருவர் தோளைக் குலுக்கினால், அவருக்கு அதைக் கடைப்பிடிக்கக் காரணம் எதுவும் இல்லை என்று விட்டுவிடுவோம். நகை விஷயத்தில் அப்படி விடமாட்டோம். அவர் தோளைக் குலுக்கினாலும் அவருக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை அவர் பார்க்க மறுக்கிறார் என்போம். அந்தக் காரணம் அவருடைய ஆசையிலிருந்து வரவில்லை, ஊர் வழக்கத்திலிருந்தும் வரவில்லை. யாரும் போடாமலேயே அங்கே இருக்கும் உத்தரவு அது. அறப்பேச்சு இப்படிப்பட்ட காரணங்களை நம்பித்தான் நிற்கிறது என்று மேக்கிக்குப் பின் வந்த ரிச்சர்ட் ஜாய்ஸ் தெளிவாக எழுதினார். இது முதல் படி.

இரண்டாம் படியில் மேக்கி இரண்டு வாதங்கள் வைக்கிறார். ஒன்று, ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் அறநெறிகள் மாறுகின்றன என்பது. இதில் எனக்குப் பெரிய ஈர்ப்பு இல்லை. அறிவியலிலும்தான் கருத்து வேறுபாடு இருக்கிறது. மேக்கிக்கு இதற்கு ஒரு பதில் உண்டு: அறிவியல் வேறுபாடு போதாத சான்றிலிருந்து வருகிறது, அற வேறுபாடோ வாழ்முறையிலிருந்து வருகிறது. ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழ்வதால்தான் அதை நல்லது என்கிறார்கள். நல்லது என்று கண்டுபிடித்துவிட்டு அப்படி வாழத் தொடங்கவில்லை. கூர்மையான கவனிப்புதான். ஆனால் இது முடிவான அடி அல்ல.

முடிவான அடி இரண்டாவது வாதத்தில் இருக்கிறது. யாரும் இடாத உத்தரவு என்று ஒன்று உலகத்தில் இருந்தால் அது மற்ற எல்லாவற்றிலிருந்தும் அடியோடு மாறுபட்ட விசித்திரமான பொருளாக இருக்க வேண்டும். கல்லுக்கு எடை உண்டு, உப்புக்குக் கரிப்பு உண்டு. "என்னைச் செய்" என்று தானே சொல்லும் தன்மை எதற்கு உண்டு? அதை அறிந்துகொள்ள நமக்கு எந்தப் புலன் இருக்கிறது?

இந்த வாதத்தின் ஒரு கிளையைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஆட்டோவுக்கே வருவோம். ஓட்டுநர் நகையை வைத்துக்கொண்டார். அது ஒரு பெண்ணின் கல்யாண நகை. அவள் வீட்டில் அழுகை, சண்டை, கடன். இவை ஒவ்வொன்றும் விசாரித்தால் தெரியும் விவரம். இதற்குப் பிறகு நாம் சொல்கிறோம்: "ஆகையால் அவர் செய்தது தப்பு." இந்த 'ஆகையால்' எப்படிப்பட்ட ஆகையால்? நெருப்பு சுடுவதால் நீர் கொதிக்கிறது என்பது போன்ற காரண காரியமா? இல்லை, அழுகையிலிருந்து தப்பு என்னும் பொருள் ஆவியாகக் கிளம்பி வருவதில்லை. எல்லா மனிதரும் இறப்பர், இவன் மனிதன், ஆகையால் இவன் இறப்பான் என்பது போன்ற தருக்க விளைவா? அதுவும் இல்லை, விவரங்களை எல்லாம் ஒப்புக்கொண்டு, தப்பு என்பதை மட்டும் மறுப்பவர் கல்நெஞ்சக்காரராக இருக்கலாம், தன்னைத்தானே மறுத்துப் பேசியவர் ஆகமாட்டார். உலகத்தில் எதை இந்த 'ஆகையால்' குறிக்கிறது என்று மேக்கி கேட்கிறார். இதுவரை நான் படித்த எந்தப் பதிலும் எனக்கு நிறைவு தரவில்லை.

பதிலாகப் பெரும்பாலும் சொல்லப்படுவது இது: தப்பு என்றால் துன்பம் தருவது, வேறொன்றும் இல்லை, அழுகைக்கு மேலே தனியாக ஒரு பொருளைத் தேட வேண்டாம். கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் இப்போது ஓட்டுநர் "ஆமாம், துன்பம்தான், அதற்கென்ன?" என்று கேட்டால் நம்மிடம் சொல்ல ஒன்றுமில்லை. உத்தரவை எடுத்துவிட்டுத் துன்பத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். விசித்திரம் போயிற்று, கூடவே பல்லும் போயிற்று.

சரி, இல்லாத ஒன்றை இத்தனை பேர் எப்படி இத்தனை காலமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்? பிழை என்று சொல்பவர் பிழை எப்படி வந்தது என்றும் சொல்ல வேண்டும். மேக்கி டேவிட் ஹ்யூமின் வழியில் போகிறார்: மனம் தன் உணர்ச்சிகளை வெளியே இருக்கும் பொருள்களின்மேல் பூசிவிடுகிறது. ஒரு பூஞ்சைக் காளானைப் பார்த்தால் நமக்கு அருவருப்பு. கொஞ்ச நேரத்தில் அருவருப்பு அந்தக் காளானுக்குள்ளேயே இருப்பதாக நினைக்கத் தொடங்கிவிடுகிறோம். ஜாய்ஸ் இதைப் பரிணாமத்தோடு இணைக்கிறார். கூடி வாழ்ந்த நம் மூதாதையரில், 'இது எனக்கு இலாபமில்லை' என்ற கணக்கைவிட 'இது கூடவே கூடாது' என்ற உணர்வு கொண்டவர்களே நல்ல கூட்டாளிகளாக இருந்தார்கள். அந்த உணர்வு மெய்யாக இருந்தாலும் பொய்யாக இருந்தாலும் பயன் ஒன்றுதான். பயன் மட்டுமே அதை வளர்த்திருக்கிறது என்றால், அது மெய் என்பதற்கு அந்த உணர்வே சாட்சியாகாது.

இந்த இடம் வரை ஒரு வக்கீல் நண்பரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் டீயை வைத்துவிட்டு நேராகக் கேட்டார்: "அப்ப அவன் நகையை வச்சுக்கிட்டது தப்பில்லைங்கறீங்க. அப்படின்னா வச்சுக்கலாம்னுதானே அர்த்தம்?"

குறுக்கு விசாரணைக்குப் பழகிய வாய். இந்தக் கேள்வி பிழைக் கோட்பாட்டுக்கு வெளியே இருந்து வருவது அல்ல. உள்ளே இருப்பவர்களையே பாடாய்ப் படுத்தியது. "நகையை வைத்துக்கொள்வது தப்பு" என்பது பொய் என்றால் "தப்பல்ல" என்பது மெய். தப்பல்ல என்றால் வைத்துக்கொள்ளலாம், அதற்கு அனுமதி உண்டு. ஆனால் "அனுமதி உண்டு" என்பதும் ஓர் அறக்கூற்றுதானே? அதுவும் பொய்யாக அல்லவா இருக்க வேண்டும்? எல்லா அறக்கூற்றும் பொய் என்று தொடங்கி, திருட்டுக்கு அனுமதி வழங்கும் ஓர் அறக்கூற்றை மெய்யாக்கி முடித்துவிட்டோம். கோட்பாடு தன் காலையே வாரிவிட்டது.

தப்பிக்க வழி உண்டு. முதலில் 'எல்லா' என்பதைக் கொஞ்சம் சுருக்க வேண்டும். ஒரு செயலுக்கோ ஆளுக்கோ அறத்தன்மை ஒன்றை ஏற்றிச் சொல்லும் நேர்க்கூற்றுகள் எல்லாம் பொய். "திருட்டு தப்பு" பொய், "திருட அனுமதி உண்டு" பொய், "திருடாமலிருப்பது கடமை" பொய். ஆனால் "திருட்டு தப்பல்ல" என்ற மறுப்பு மெய். "திருட்டு தப்பென்றால் தம்பியைத் திருடத் தூண்டுவதும் தப்பு" என்பது போன்ற நிபந்தனைக் கூற்றும் மெய்யாக இருக்கத் தடையில்லை. அது எதையும் தப்பு என்று ஏற்றிச் சொல்லவில்லை.

அடுத்து, 'தப்பல்ல' என்பதிலிருந்து 'செய்யலாம்' என்பதற்குப் போகும் பாலத்தை உடைக்க வேண்டும். சுவீடன் தத்துவவாதி யோனாஸ் ஓல்சன் 2014இல் வெளியிட்ட நூலில் இதைச் செய்கிறார். அறநெறி என்ற ஒன்று இருப்பதாக எல்லோரும் எடுத்துக்கொண்டு பேசும் இடத்தில், தப்பல்ல என்று ஒருவர் சொன்னால், செய்யலாம் என்கிறார் போலிருக்கிறது என்று கேட்பவர் ஊகித்துக்கொள்கிறார். அது பேச்சு வழக்கில் வரும் ஊகம். தருக்கம் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த ஊகத்தைச் சொன்னவரே ரத்து செய்யலாம்: "தப்பல்ல, ஆனால் அனுமதியும் இல்லை, தப்பு, அனுமதி இரண்டையும் வழங்கும் சட்டப்புத்தகமே கிடையாது."

நண்பருக்கு இதைச் சொன்னேன். "அதாவது கோர்ட்டே இல்லாத ஊர்ல தண்டனையும் கிடையாது, விடுதலையும் கிடையாதுங்கறீங்க" என்றார். அதேதான். எனக்கு இந்தப் பதில் போதுமானதாகவே படுகிறது.

கோட்பாடு பிழைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு என்ன செய்வது? மேக்கியின் நூலில் முதல் அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுபவர்கள் ஒரு நல்ல பகுதியைத் தவறவிடுகிறார்கள். பின்னால் டாம், டான் என்று இரண்டு சிப்பாய்கள் வருகிறார்கள். பக்கத்துப் பக்கத்துக் காவல் நிலைகளில் நிற்கிறார்கள், எதிரி தாக்குகிறான். இருவரும் நின்றால் உதவிப்படை வரும்வரை தாக்குப்பிடித்து இருவரும் பிழைக்க ஓரளவு நல்ல வாய்ப்பு. இருவரும் ஓடினால் எதிரி உடனே புகுந்துவிடுவான். வாய்ப்பு வெகுவாகக் குறையும். ஒருவன் நின்று மற்றவன் ஓடினால், ஓடியவனுக்கு எல்லாவற்றிலும் சிறந்த வாய்ப்பு, நின்றவனுக்கு எல்லாவற்றிலும் மோசமான வாய்ப்பு.

டாம் தன் நலத்தை மட்டும் கணக்குப் போடுகிறான். டான் நின்றால் நான் ஓடுவது மேல். டான் ஓடினாலும் நான் ஓடுவதே மேல். ஆக ஓடுகிறான். டானும் அதே கணக்கைப் போட்டு ஓடுகிறான். இருவரும் நின்றிருந்தால் கிடைத்திருக்கும் நிலையைவிட மோசமான நிலையில் இருவரும் மாட்டிக்கொள்கிறார்கள். இதில் யாருடைய அறிவிலும் குறை இல்லை. இருவரையும் அவரவர் இடத்தில் சங்கிலியால் கட்டிப்போட்டால் இருவருக்குமே நல்லது. ஆனால் மற்றவனும் கட்டப்பட்டிருக்கிறான் என்பது ஒவ்வொருவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரும்புச் சங்கிலிக்குப் பதிலாக மானம், தோழனைக் கைவிடக்கூடாது என்ற பிடிப்பு போன்றவை கண்ணுக்குத் தெரியாத சங்கிலிகளாக வேலை செய்யலாம் என்கிறார் மேக்கி. அறநெறி கண்டுபிடித்து எடுத்த பொருள் அல்ல. இப்படிப்பட்ட வேலைக்காக மனிதர்கள் உருவாக்கிக்கொண்ட கருவி. வேலை மெய்யானது, 'உலகத்திலிருந்து வந்தது' என்று கருவிமேல் எழுதியிருக்கும் விலாசம்தான் பொய்.

ஆனால் சங்கிலி கண்ணுக்குத் தெரியாதது என்பதோடு, அது இல்லவே இல்லை என்றும் டாமுக்குத் தெரிந்துவிட்டால்? இங்கே பிழைக் கோட்பாட்டினர் வெவ்வேறு திசையில் பிரிகிறார்கள். ஒழியட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. இயன் ஹின்க்ஃபஸ் அப்படி ஒருவர்; அறப்பேச்சு சண்டைகளைத் தீராமல் வளர்க்கிறது, அது இல்லாவிட்டால் மனிதர்கள் தங்கள் நலன்களை நேருக்கு நேர் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்று கருதியவர். ஜாய்ஸ், நம்பாமலேயே கதைபோல அதைக் கைக்கொள்ளலாம் என்கிறார். பலவீனமான நேரத்தில் "இது கூடாது" என்ற எண்ணம் வந்து நின்றால் போதும், பிறகு தத்துவ வகுப்பில் அதை மறுத்துக்கொள்ளலாம். கடனோடு நடுராத்திரியில் பத்து பவுன் நகையைக் கையில் வைத்திருப்பவருக்கு, கதை என்று தெரிந்தே சொல்லிக்கொள்ளும் கதை எவ்வளவு தாங்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஓல்சன் அதனால்தான் அன்றாட வாழ்வில் நம்பிக்கையை அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்கிறார். யோசிக்கும் நேரத்தில் மட்டும் அது பொய் என்று நினைவிருந்தால் போதும்.

எதிர்ப்பாளர்களின் வலுவான ஆயுதம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆசையைச் சாராத காரணங்களே இல்லை என்றால், நம்புவதற்கான காரணங்கள்? சான்று இருந்தால் நம்ப வேண்டும் என்பதும் ஆசை போனால் போய்விடாத 'வேண்டும்'தான். புற்றுநோய் என்று பரிசோதனை சொல்கிறது. நம்ப விருப்பமில்லை என்பதால் நம்பக் காரணம் இல்லை என்று ஆகிவிடுமா? அறக்காரணம் விசித்திரம் என்றால் இதுவும் விசித்திரம். டெரன்ஸ் கியூனியோ 2007இல் இதை விரிவாக எழுதினார்: அந்தக் கோடாலியால் வெட்டினால், பிழைக் கோட்பாட்டை நம்பக் காரணம் உண்டு என்ற கிளையும் சேர்ந்து விழும். ஓல்சன் அசரவில்லை. வாதம் செல்லுபடியாவதற்கும் முடிவு மெய்யாவதற்கும், 'நம்ப வேண்டும்' என்ற உத்தரவு தேவையில்லை என்கிறார். பார்ட் ஸ்ட்ரூமர் இன்னும் ஒரு படி மேலே போனார். 2017இல் வந்த நூலில், காரணம் பற்றிய கூற்றுகள் உட்பட எல்லா 'வேண்டும்'களும் பொய்தான் என்று வாதிட்டுவிட்டு, இதை எவராலும் நம்ப முடியாது, என்னாலும் முடியவில்லை என்று எழுதினார். நம்ப முடியாமல் இருப்பது ஒரு கோட்பாட்டைப் பொய்யாக்கிவிடாது என்பது அவர் நிலைப்பாடு. முதலில் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால் அதில் முரண்பாடு எதையும் காட்ட முடியவில்லை.

என் சந்தேகம் இரண்டாம் படியில் இல்லை, முதல் படியில் இருக்கிறது. அறப்பேச்சு முழுவதும் யாரும் இடாத அந்த உத்தரவை நம்பித்தான் நிற்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்லிவிட முடியுமா? ஜெஃப்ரி குட்வினும் ஜான் டார்லியும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்க மாணவர்களிடம் இதைக் கேட்டே பார்த்தார்கள். வங்கியைக் கொள்ளையடிப்பது, கூட்டத்தின்மேல் சுடுவது பற்றிய கூற்றுகளை மாணவர்கள் ஏறக்குறைய அறிவியல் உண்மைகளைப் போல் நடத்தினார்கள். எதிர்த்தரப்பு தவறியே இருக்க வேண்டும் என்றார்கள். கருக்கலைப்பு, சாக உதவுவது பற்றிய கூற்றுகளில் அப்படியில்லை. இருவர் மாறுபட்டாலும் இருவரும் தவறாமல் இருக்கலாம் என்றவர்கள் பலர்.

இது சரி என்றால் பிழைக் கோட்பாடு கோணலாகத்தான் பொருந்துகிறது. விலாசம் எழுதிய பேச்சில் மட்டுமே விலாசம் பொய்யாக முடியும். எதைப் பற்றி நமக்கு ஐயமே இல்லையோ, அந்த "கூட்டத்தின்மேல் சுடுவது தப்பு" என்பது பொய்யாகிறது. எதில் நாம் தயங்குகிறோமோ, அந்தக் கருக்கலைப்புத் தீர்ப்புகள், உலக உத்தரவு எதையும் கோராததால், தப்பித்துவிடுகின்றன. இப்படி ஒரு முடிவை மேக்கி விரும்பியிருக்க மாட்டார். ஜாய்ஸின் பக்கம் நிற்பவர்கள், தயங்கும் அந்த மாணவர்களை இன்னும் கொஞ்சம் கிளறினால் அவர்களும் உத்தரவைத்தான் நம்புகிறார்கள் என்று தெரியவரும் என்பார்கள். கேள்வித்தாளில் போடும் டிக், கோபத்தில் பேசும் பேச்சுக்கு ஈடாகாது என்பது அவர்களுக்குச் சாதகம்தான். ஆனாலும் அது இனிமேல் காட்டவேண்டிய விஷயம். முதல் அத்தியாயத்தின் முதல் வாக்கியத்தில் அறிவித்துவிடக் கூடியது அல்ல.